புது பேட்டரிக்கு 8 மணி நேர முதல் சார்ஜ் எதற்கு?

கேள்வி: போனுக்குப் புது பேட்டரி போட்டேங்க. முதல் தடவை சுவிட்ச் ஆஃப் பண்ணி 8 மணி நேரம் சார்ஜ் போட்டாத்தான் பேட்டரி நிக்கும்னு கடையில சொன்னாங்க. முன்னாடி புது போன் வாங்கினப்பவும் இதையேதான் சொன்னாங்க. நிஜமாவே போடணுமா?

தேவையில்லைங்க. 100 காட்டியதும் ஒயரைக் கழற்றிவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆஃப் செய்துதான் போட வேண்டும் என்பதும் இல்லை. ஈரோட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்றிக் கொடுக்கும்போது அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தப் பேச்சு காரணமில்லாமல் வந்ததில்லை. முதலில் வந்த செல்போன்களில் பல நிக்கல் பேட்டரியில் ஓடியவை. 2000-இல் வந்த நோக்கியா 3310-இல்கூட முதலில் இருந்தது 900 எம்ஏஎச் நிக்கல் பேட்டரிதான். நிக்கல் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. சும்மா வைத்திருந்தாலே மாதத்துக்குச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சார்ஜ் தானாக இறங்கிவிடும். கடை அலமாரியில் சில மாதம் கிடந்து உங்கள் கைக்கு வரும்போது அது ஏறக்குறைய காலியாகத்தான் இருக்கும். அதைப் பத்தில் ஒரு பங்கு கரண்டில் மெதுவாக ஏற்றுவது அன்றைய வழக்கம். 900 எம்ஏஎச் பேட்டரிக்கு 90 மில்லிஆம்பியர் என்றால் கணக்குப்படி 10 மணி நேரம். ஆனால் உள்ளே போகும் கரண்டில் ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால் 14 மணி நேரம் வரை ஆகும். சாதாரண சார்ஜருக்கு எப்போது நிரம்பியது என்று கண்டுபிடிக்கத் தெரியாது, அதனால் மணிக்கணக்கு சொல்வதைத் தவிர வேறு வழியும் இல்லை. அதோடு, இரண்டு மூன்று தடவை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகுதான் நிக்கல் பேட்டரி தன் முழுக் கொள்ளளவைக் கொடுக்கும். பழைய போன்களோடு வந்த கையேட்டில் இது அச்சிட்டே இருந்தது. அந்த நாளில் கடைக்காரர் சொன்னது சரியான யோசனைதான்.

இப்போது நம் கையில் இருப்பது எல்லாமே லித்தியம் பேட்டரி. இதற்கும் முதல் சார்ஜ் ரொம்ப முக்கியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே நடப்பதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் நாம் செய்ய எதுவும் மிச்சமில்லை என்பது புரியும்.

பேட்டரி பைக்குள் திரவத்தை நிரப்பியதும், மிகக் குறைந்த கரண்டில் பல மணி நேரம் எடுத்து முதல் சார்ஜ் ஏற்றுகிறார்கள். அப்போது உள்ளே இருக்கும் கிராஃபைட் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. லித்தியம் அயனியை உள்ளே விட்டு, திரவம் கிராஃபைட்டை நேரடியாகத் தொடாமல் தடுப்பது இந்தப் படலம்தான். அது சீராக உட்கார்ந்தால்தான் பேட்டரி வருடக்கணக்கில் உழைக்கும். அவசரமாக ஏற்றினால் படலம் கோணல்மாணலாக அமையும், அதனால்தான் அவ்வளவு நிதானம். இந்த முதல் சார்ஜில் வாயுவும் உண்டாகும். அதை வெளியே இழுத்துவிட்டுப் பையை மறுபடி ஒட்டி மூடுகிறார்கள். அப்புறம் நாள்கணக்கில் அப்படியே வைத்து வோல்டேஜைப் பார்க்கிறார்கள். வைத்த இடத்திலேயே வோல்டேஜ் இறங்கும் பேட்டரியைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். மீதிதான் பெட்டிக்குள் போகிறது.

ஆக, உங்கள் வீட்டு சுவரில் நடப்பது அந்தப் பேட்டரியின் முதல் சார்ஜே இல்லை.

சரி, 8 மணி நேரம் போட்டால் என்னதான் நடக்கிறது? சென்னிமலைப் பக்கத்திலிருந்து தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் 4000 எம்ஏஎச் பேட்டரி மாற்ற வந்திருந்தார். "ராத்திரி பூராப் போடோணுமுங்களா தம்பி?" என்று கேட்டார். உட்காருங்கள், பார்த்துவிட்டே போகலாம் என்றேன். சார்ஜருக்கும் போனுக்கும் நடுவில் ஒரு யூஎஸ்பி மீட்டரை மாட்டினேன். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகிறது என்று சின்னத் திரையில் காட்டும். போனை ஆஃபில்தான் வைத்திருந்தோம்.

பேட்டரி கைக்கு வந்தபோதே ஏறக்குறைய பாதி சார்ஜ் இருந்தது. லித்தியம் பேட்டரியை முழுதாக நிரப்பியும் அனுப்ப மாட்டார்கள், காலியாக்கியும் அனுப்ப மாட்டார்கள். இரண்டுமே கிடங்கில் கிடக்கும்போது அதைக் கெடுக்கும். ஆக, ஏற்ற வேண்டியது 2000 எம்ஏஎச்தான். சார்ஜர் சாதாரண 10 வாட். முதல் அரை மணி நேரத்துக்கு மேல் மீட்டரில் 2 ஆம்பியரை ஒட்டியே நின்றது. 80 சதவீதத்தைத் தாண்டியதும் 1.5, அப்புறம் 1 என்று இறங்க ஆரம்பித்தது. குழாயில் குடம் பிடிக்கும்போது கழுத்து வந்ததும் குழாயைக் குறைப்போம் இல்லையா, அதே வேலையைத்தான் போன் செய்கிறது. பேட்டரி தன் உச்ச வோல்டேஜைத் தொட்டதும் அதற்கு மேல் ஏற விடாமல் பிடித்துக்கொண்டு கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும். அந்த உச்சம் எவ்வளவு என்று பேட்டரி லேபிளிலேயே இருக்கும், பெரும்பாலும் 4.35 அல்லது 4.4 வோல்ட். கடைசி 20 சதவீதத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. மொத்தம் ஒன்றரை மணி நேரத்தில் மீட்டர் சைபருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒயர் மாட்டியே இருந்தாலும் பேட்டரிக்குள் ஒன்றும் போகாது. சார்ஜை நிறுத்துவது போனுக்குள் இருக்கும் சிப், மணி பார்த்து நாம் நிறுத்துவதில்லை. மீதி ஆறரை மணி நேரமும் பேட்டரி தன் உச்ச வோல்டேஜில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ராத்திரி அப்படி இருந்தால் கெட்டுப்போகாது, ஏற்கனவே போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் வயதாவது நிறைந்த நிலையும் சூடும் ஒன்றாகச் சேரும்போதுதான். சித்திரை மாதம் தகர ஷீட் போட்ட வீட்டில், தலையணைக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுவதைத்தான் நான் வேண்டாம் என்று சொல்வேன்.

"இல்லைங்க, நான் 8 மணி நேரம் போட்டேன், அப்புறம்தான் பேட்டரி நன்றாக நின்றது" என்று நிறையப் பேர் சொல்வார்கள். அவர்கள் பார்த்தது பொய்யில்லை, காரணம்தான் வேறு. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், இந்த நம்பிக்கை இன்னும் ஓயாமல் இருப்பதற்கே இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

திரையில் தெரியும் சதவீதம் நேரடியாக அளந்து சொல்வது இல்லை. போனில் ஒரு சிப், பேட்டரிக்குள் போன கரண்டையும் வெளியே வந்த கரண்டையும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. அதோடு வோல்டேஜையும் சேர்த்துப் பார்த்து ஒரு மதிப்பீடு சொல்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் இந்தக் கணக்கு போர்டிலேயே தங்கியிருக்கும். பழைய பேட்டரி தேய்ந்துபோய் 2900 எம்ஏஎச்தான் கொடுத்துக்கொண்டிருந்தது என்றால், புது 4000 பேட்டரியைப் போட்டாலும் சிப் கொஞ்ச காலம் அந்த 2900 கணக்கிலேயே இருக்கும். அதனால் முதல் நாள் 100-இலேயே ரொம்ப நேரம் நிற்பது, சதவீதம் திடீரெனக் குதிப்பது எல்லாம் நடக்கலாம். ஒரு தடவை முழுதாக ஏறி, நன்றாக இறங்கி, மறுபடி முழுதாக ஏறினால் சிப் புதுக் கணக்கைக் கற்றுக்கொள்ளும். 8 மணி நேரம் போட்டவருக்கும் இரண்டாம் நாள் சரியாகிவிடும், ஒன்றரை மணி நேரத்தில் எடுத்தவருக்கும் இரண்டாம் நாள் சரியாகிவிடும். பெயர் மட்டும் அந்த 8 மணி நேரத்துக்குப் போய்விடுகிறது.

அதனால் பேட்டரி மாற்றினவர்களிடம் நான் சொல்வது இதுதான். 100 வரும் வரை ஏற்றுங்கள். வழக்கம்போலப் பயன்படுத்தி 10, 15 சதவீதம் வரை இறக்குங்கள். மறுபடி இடையில் எடுக்காமல் 100 வரை ஏற்றுங்கள். இது சதவீதக் கணக்குக்காகத்தான், ஒரு தடவை போதும், மாதாமாதம் செய்ய வேண்டாம். புத்தம் புதுப் போனுக்கு இதுகூட அநேகமாகத் தேவைப்படாது, பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஓட்டலாம்.

உண்மையிலேயே கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பேட்டரி ரொம்ப நாள் ஸ்டாக்கில் கிடந்து அடியோடு இறங்கியிருந்தால், சார்ஜர் மாட்டியும் திரை கருப்பாகவே இருக்கும். வோல்டேஜ் சுமார் 3-க்குக் கீழே போய்விட்டால் போன் எடுத்த எடுப்பில் முழுக் கரண்டை விடாது, மிகச் சிறிய கரண்டை விட்டு மெதுவாக மேலே தூக்கும். கால் மணி முதல் அரை மணி நேரம் வரை அப்படியே விட்டுவையுங்கள், பேட்டரி படம் தெரிய வரும். ஒரு மணி நேரம் ஆகியும் அசைவே இல்லை என்றால் 8 மணி நேரம் போட்டாலும் வராது, கடைக்கு எடுத்துப் போய் வேறு பேட்டரி கேளுங்கள். சிலர் பவர் சப்ளையில் மாட்டிப் பூஸ்ட் பண்ணித் தருகிறேன் என்பார்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த பேட்டரி என்றால் நான் அதைச் செய்ய மாட்டேன். உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்து வேறிடத்தில் படிந்திருக்கும், சார்ஜ் ஏறும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம்.

முதல் சார்ஜில் மணியைப் பார்ப்பதைவிடப் பேட்டரியைப் பாருங்கள். பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள். வெதுவெதுப்பாக இருப்பது சகஜம், கை வைக்க முடியாமல் சுட்டால் உடனே எடுத்துவிடுங்கள். முழுதாக ஏறின போனை ராத்திரி ஏரோபிளேன் மோடில் வைத்துக் காலையில் பாருங்கள். இரண்டு மூன்று சதவீதம் குறைந்திருந்தால் ஒன்றுமில்லை. 15, 20 என்று இறங்கியிருந்தால் பேட்டரியிலோ போர்டிலோ கரண்ட் கசிவு இருக்கிறது. டிஸ்ப்ளே ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு வந்தாலோ, பின்மூடி சரியாக உட்காராமல் போனாலோ பேட்டரி உப்ப ஆரம்பித்திருக்கலாம், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். பேட்டரிக்குக் கடையில் கொடுத்த வாரண்டி பில் இருக்கும் இல்லையா, இதையெல்லாம் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது சுலபம்.