வர்க்கப் பூர்த்தி விடை சரியா? விரித்துப் பாருங்கள்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் 2x² − 12x + 7 ஐ வர்க்கப் பூர்த்தி செய்து 2(x − 3)² − 2 என்று எழுதியிருக்கிறாள். கைடில் வேறு விடை இருக்கிறது. எது சரி என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கைடை மூடி வையுங்கள். மகள் எழுதியதை விரித்தால் கேள்வியில் இருந்தது அப்படியே திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் (x − 3)² ஐ (x − 3)(x − 3) என்றே எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் x² + 9 என்று போட்டுவிடும் பிள்ளைகள் நிறைய. நடுவில் வரும் −6x விட்டுப்போனால் சரிபார்ப்பே தப்பாகிவிடும். பெருக்கினால் x² − 6x + 9. அப்புறம் முன்னால் நிற்கும் 2, இந்த மூன்றையுமே பெருக்க வேண்டும்: 2x² − 12x + 18. கடைசியில் உள்ள −2 ஐச் சேர்த்தால் 2x² − 12x + 16.

x², x இரண்டும் பொருந்துகின்றன, மாறிலி மட்டும் 7 க்குப் பதில் 16. அந்த 9 கூடுதலே தப்பு எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது: மகள் அடைப்புக்குள் 9 சேர்த்து வெளியே 9 கழித்திருக்கிறாள், ஆனால் உள்ளே போன 9 ஐ வெளியே உள்ள 2 பெருக்குவதால் உண்மையில் சேர்ந்தது 18. கழிக்க வேண்டியதும் 18 தான். 7 − 18 = −11, ஆகவே 2(x − 3)² − 11. இதையும் விரித்துப் பாருங்கள், 18 − 11 = 7, சரியாக வந்துவிடும்.

டியூஷனில் "x = 0 போட்டுப் பார், போதும்" என்று சொல்லிக்கொடுப்பார்கள், நம்பாதீர்கள். 2(x + 3)² − 11 என்று குறியை மாற்றி எழுதினாலும் x = 0 போட்டால் 7 தான் வரும், ஏனென்றால் பூஜ்யம் மாறிலியை மட்டும்தான் சோதிக்கிறது. விரித்தால் +12x வந்து மாட்டிக்கொள்ளும். குறுக்குவழி விற்பவர்களுக்குக் காசு வந்தால் போதும், தப்பான குறியோடு பரீட்சை எழுதுவது பிள்ளைதான்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். கேள்வி 2x² − 12x + 7 = 0 என்று சமன்பாடாக வந்தால் முதலிலேயே 2 ஆல் வகுத்துவிடுவார்கள், (x − 3)² = 11/2 என்று முடியும். இதை விரித்து 11/2 ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் x² − 6x + 7/2 = 0 தான் கிடைக்கும், கேள்வியில் இருந்தது வராது. பதறி விடையை அடித்துவிட வேண்டாம். இரு பக்கமும் 2 ஆல் பெருக்குங்கள், 2x² − 12x + 7 = 0 வந்துவிடும். இது சமன்பாடு, இரு பக்கத்தையும் ஒரே எண்ணால் வகுக்கலாம் என்பதால்தான் இப்படி வகுக்க முடிகிறது. வெறும் கோவையாக, "= 0" இல்லாமல் கொடுத்திருந்தால் வகுக்கவே கூடாது, 2 ஐப் பொதுவாக வெளியே எடுத்துக் கடைசி வரி வரை கூடவே வைத்திருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை வகுப்பில் நிதானமாகச் சொல்ல நேரம் ஒதுக்குவதில்லை, பாடத்தை முடிக்கும் அவசரம்தான் எப்போதும். நீங்கள் வீட்டில் கேள்வியை வாங்கி "= 0" இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.