ராஜினாமாவில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: என் அண்ணன் மார்த்தாண்டம் பக்கத்தில் அரசு உதவிபெறும் பள்ளியில் இளநிலை உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். விடுப்பு அதிகம் என்று நிர்வாகம் ராஜினாமா கேட்கிறது. சட்டப் பாதுகாப்பு உண்டா?

உண்டு. ஆனால் எழுதிக்கொடுத்துவிட்டால், 'அவராகத்தான் போனார்' என்றாகிவிடும். அதனால் முதலில் அந்தக் கடிதத்தைத் தவிருங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஊனம்தான். அதன் 20(4) பிரிவின்படி, பணிக்காலத்தில் ஊனம் வந்தவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பார்த்த வேலை ஒத்துவரவில்லையென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும். அதற்கும் வழியில்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும்வரையோ ஓய்வு வயதுவரையோ கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். 'இது அரசு ஊழியருக்கு மட்டும்' என்று பள்ளியில் சொல்வார்கள். அது தவறு, அரசின் உதவி பெறும் அமைப்பையும் இச்சட்டம் 'அரசு நிறுவனம்' என்றே வரையறுக்கிறது. நம் மாவட்டத்தில் உதவிபெறும் பள்ளிகள் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். நாகர்கோவில் ஜவுளிக்கடை ஊழியருக்கு இந்தப் பிரிவு கிடையாது என்பதுதான் இதன் பெரிய ஓட்டை.

நானும் இதே மாதிரி மருந்து சாப்பிடுகிறவன்தான், வேலை வேறொரு அலுவலகத்தில். இரவு மாத்திரையின் மந்தத்தில் காலை பஸ்ஸைத் தவறவிடுவேன். ஏழு தாமதங்களைத் தேதியோடு அடுக்கி விளக்கம் கேட்டார்கள். நான் முதலில் எழுதிய பதில் 'இனி நடக்காது, மன்னிக்கவும்' என்பது. நல்லவேளை, மருத்துவர் அதைக் கிழிக்கச் சொன்னார். அவர் தந்த சான்றில் நோய் தொடங்கிய ஆண்டும், 'மருந்தின் விளைவால் காலை பத்தரைக்குமேல் பணி தொடங்குவது ஏற்றது' என்ற ஒரு வரியும் இருந்தன. அதை இணைத்து, மாலையில் அந்த நேரத்தை ஈடுசெய்கிறேன் என்று எழுதினேன். சட்டம் இதை நியாயமான வசதி என்கிறது; நிறுவனத்துக்கு மிதமிஞ்சிய சுமையாகாத மாற்றத்தைக் கேட்கலாம். எனக்கு நேரம் மாறியது, விளக்கக் கடிதங்களும் நின்றன.

அண்ணன் மீது ஒழுங்கு நடவடிக்கை வந்தால், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் தந்த தீர்ப்பைக் காட்டுங்கள். குற்றம்சாட்டப்பட்ட நடத்தைக்கு மனநோய் ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே பாகுபாடு ஆகும் என்றது நீதிமன்றம்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஊனச் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்வது, உறவுகள், பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கையும் மதிப்பிட்டுச் சதவீதம் போடுவார்கள். நாற்பதுக்குக் கீழே வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அந்த எல்லை இடஒதுக்கீட்டுக்கு, 20(4) பிரிவில் அப்படியொரு சதவீதம் எழுதப்படவில்லை.

பிறகு பள்ளியின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதிவான இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தியில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டக் குழுவிடம் போகலாம். நோய் கண்டறியப்பட்ட நாளின் சீட்டைத் தேடி எடுத்துவையுங்கள். அது பணியில் சேர்ந்த தேதிக்குப் பிந்தையது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.