‘Under Review’ மாறவே இல்லையே, ஆசிரியருக்கு எழுதலாமா?

ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பி ஆறு வாரம் ஆகிறது. இன்னும் With Editor என்றே காட்டுகிறது. யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லையா?

பெரும்பாலும் பார்த்திருப்பார்கள். மதிப்பாய்வாளர்களுக்கு அழைப்பு அனுப்பி, ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் காலத்திலும் பல இதழ்களில் இந்தச் சொல்தான் நிற்கும். எல்செவியர் இதழ் என்றால், தொடர்புக்கான கட்டுரையாளருக்கு வரும் Track your submission பக்கத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை பேரை அழைத்தார்கள், எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள் என்பது அங்கே தெரியும். அழைப்பே போகவில்லை என்றால் ஆறு வாரத்தில் தாராளமாகக் கேட்கலாம்.

Required Reviews Completed என்று வந்தது. ஒன்பது நாள் கழித்து மீண்டும் Under Review ஆகிவிட்டது. நிராகரிக்கப் போகிறார்களா?

இல்லை, இந்த மாற்றத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆசிரியர் குறித்துவைத்த எண்ணிக்கையில், பெரும்பாலும் இரண்டு, அறிக்கைகள் வந்ததும் மென்பொருள் தானாகவே அந்தச் சொல்லைப் போட்டுவிடும். அதன் பிறகுதான் ஆசிரியர் அவற்றைப் படிக்கிறார். ஒருவர் சிறு திருத்தம் போதும் என்கிறார், மற்றவர் நிராகரிக்கச் சொல்கிறார். அல்லது ஒரு அறிக்கையில் இரண்டே வரிதான் இருக்கிறது. அப்போது இதழாசிரியர்களான நாங்கள் மூன்றாமவரை அழைப்போம். சொல் பின்னோக்கிப் போகும். உங்கள் கட்டுரைக்கு நியாயம் செய்யத்தான் இந்த வேலை. இப்போது எழுத வேண்டாம், ஒரு மாதமாவது விடுங்கள்.

மார்ச் 3 அன்று பொருளறிவியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். ஏப்ரல் 10 முதல் Under Review. இன்று ஆகஸ்ட் 20. எழுதினால் ஆசிரியர் கோபிப்பாரா?

கோபிக்க மாட்டார். இன்றே எழுதுங்கள். இதழின் முகப்பில் முதல் முடிவுக்கான சராசரி நாட்கள் இருக்கும். அதை நம்பி மனம் தளர வேண்டாம். மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் திருப்பிய கட்டுரைகளும் அதில் சேர்வதால் அது குறைவாகத் தெரியும். மதிப்பாய்வுக் காலம் என்று தனியாகப் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். அதைப்போல ஒன்றரை மடங்கு கடந்தால் கேட்பது முறை. உங்கள் துறையில் நான்கு மாதம் கடந்தாலே போதும். கணிதத்தில் ஆறு மாதம் சாதாரணம்.

கடிதத்தின் தலைப்பில் கட்டுரை எண் இருக்கட்டும். உள்ளே கட்டுரையின் தலைப்பு, அனுப்பிய தேதி, ‘மதிப்பாய்வு எந்த நிலையில் இருக்கிறது?’ என்ற ஒரே கேள்வி. குறை சொல்ல வேண்டாம். முதலில் இதழ் அலுவலகத்துக்கு, இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் தலைமை ஆசிரியருக்கு.

இப்படி ஒரு கடிதம் வந்தால் நான் அந்தக் கோப்பைத் திறப்பேன். ஒப்புக்கொண்ட ஒருவர் கெடு முடிந்து எழுபது நாளாகியும் நினைவூட்டல்களுக்குப் பதில் தராமல் இருந்ததை அப்படித்தான் ஒருமுறை கண்டேன். அவரை விடுவித்து அன்றே வேறொருவரை அழைத்தேன்.

காத்திருக்க முடியவில்லை. வேறு இதழுக்கும் அனுப்பிவைக்கலாமா?

கூடாது. முதலில் எழுத்தில் திரும்பப் பெறுங்கள். திரும்பப் பெற்றதை இதழ் உறுதிசெய்து மின்னஞ்சல் அனுப்பும்வரை அந்தக் கட்டுரை அவர்களிடம்தான் இருக்கிறது.