இருட்டு மண்டபத்தில் கல் சிற்பம்: கேள்வி பதில்

கண்டியிலிருந்து: அண்ணா, கடலாதெனிய விகாரை மண்டபத்தில் அனுமதி கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன். ட்ரைபொட் இருந்தும் படம் முழுக்க மணல் தூவின மாதிரி. ஐஎஸ்ஓ 6400.

கெமராவை ஆட்டோ ஐஎஸ்ஓவில் விட்டிருப்பீர்கள். பல கெமராக்களுக்கு, ட்ரைபொட்டில் இருப்பது தெரியாது. கை நடுங்கும் என்று பயந்து, ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை ஏற்றிவிடும். அந்த மணல், அதாவது நொய்ஸ், அதனால்தான். உங்களுடையது F4, 1/30 நொடி, 6400 என்று காட்டியது என்று வைப்போம். ஐஎஸ்ஓவை 400க்கு இறக்கினால் நான்கு படி குறையும், நேரம் 1/2 நொடி ஆகும். தூணின் முன்னும் பின்னும் தெளிவாக இருக்க F5.6 வைத்தால் ஒரு நொடி. கல் நகராது, ஒரு நொடி அதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் விரலால் அமுக்கினால் கெமரா ஆடும். 2 செக்கன் டைமர் போடுங்கள், ட்ரைபொட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். எடுத்ததும் திரையில் பெரிதாக்கி உளி விழுந்த கோட்டைப் பாருங்கள். கோடு இரட்டையாகத் தெரிந்தால் அது ஆட்டம், நொய்ஸ் இல்லை.

அந்த விகாரை 1344இல் கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி எழுப்பியது. அவர் உளியின் கோட்டை நாம் கரைத்துவிடக் கூடாது.

மாத்தளையிலிருந்து: அப்படியென்றால் எப்போதும் 100 தானே நல்லது? இருட்டாக வந்தால் கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறேன்.

முதல் பாதி சரி, கெமரா அசையாமல் நின்று, போதிய நேரமும் கொடுக்க முடிந்தால். இரண்டாவது பாதியில்தான் படம் கெடுகிறது. நிழலைக் கணினியில் இழுத்துத் தூக்கும்போது அதிலிருந்த நொய்ஸும் சேர்ந்தே எழும்பும். 100இல் இருட்டாக எடுத்ததைவிட, 800இல் போதிய வெளிச்சத்தோடு எடுத்தது பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். கருங்கல்லுக்கு இது இன்னும் பொருந்தும். விளக்குச் சுடர் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, கல்லுக்கு வெளிச்சம் கொடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஸ்டாண்ட் வைக்க இடமில்லை. படமும் புகை படிந்த மாதிரி. நொய்ஸ் குறைப்பைக் கூட்டவா?

வேண்டாம், தங்கச்சி. அது நொய்ஸாகத் தெரியவில்லை. வெளியே குளிர், உள்ளே விளக்குச் சூடும் ஆட்களின் மூச்சும். லென்ஸில் பனி பிடித்திருக்கும். பதினைந்து நிமிடம் உள்ளே வைத்திருந்துவிட்டு மெல்லிய துணியால் துடையுங்கள். ஸ்டாண்டுக்குப் பதில் ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, படிக்கட்டிலோ திண்ணையிலோ வைத்து அதன்மேல் கெமராவை அழுத்தி உட்காரவையுங்கள். மூலவரை எடுக்கலாமா என்பதை ஐயரிடம் முதலில் கேளுங்கள்.

ஹட்டனிலிருந்து: நொய்ஸ் குறைப்பை எவ்வளவு வைப்பது? எனக்கு 60 வைத்தால்தான் மழமழவென்று அழகு.

மழமழப்பு மெழுகுச் சிலைக்கு, கல்லுக்கு இல்லை. நிறப்புள்ளிகளை முதலில் எடுங்கள், அதில் கல்லின் விவரம் அதிகம் போகாது. பிறகு வெளிச்சப் புள்ளிகளைக் குறைக்கும் லுமினன்ஸ் ஸ்லைடரை 0இலிருந்து மெல்ல ஏற்றி, 100 சதவீதப் பெரிதாக்கத்தில் கன்னத்தையும் ஆபரணத்தின் மணிகளையும் பாருங்கள். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்னுக்கு வாருங்கள். எனக்கு 400இல் எடுத்த படத்துக்கு 10, 15 போதும். 6400 படத்துக்கு எங்கே நிறுத்துவது என்பதில் எனக்கும் என் நண்பருக்கும் இன்னும் சண்டைதான். அவர் 40 வரை போவார், நான் பொடிமணலைக் கொஞ்சம் விட்டுவிடுவேன்.