அமுச்சி பாட்டில் விடுபட்ட அரை அடி: கேள்வி பதில்

"எங்க அமுச்சி பாடின பட்டிப்பொங்கல் கும்மியில கடைசி அடியோட முன்பாதி மறந்துபோச்சுங்க. மாட்டைத் தடவுற மாதிரி வரும், அவ்வளவுதான் ஞாபகம். 'பச்சரிசி பொங்கல் கும்மி'ன்னு தேடித் தேடி அலுத்துப்போச்சு. என்ன பண்றது?" (காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி)

தேடுவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், அம்மிணி. நீங்கள் எழுதி அனுப்பியதைக் கை தட்டும் இடத்தில் வெட்டிப் போட்டுப் பார்த்தேன்:

காங்கயம் / சந்தையில் / காளைபி / டிக்கவே
காலையி / லேமாமன் / போயிருந் / தார்

வாங்கிய / காளைக்கு / மூக்கணாங் / கயிறும்
வண்ணச்ச / லங்கையும் / கட்டிவந் / தார்

நொய்யலுத் / தண்ணியில் / மாட்டைக்க / ழுவியே
நோம்பிக்குப் / பொட்டிட்டு / நிப்பாட்டி / னார்

. . . . / . . . . / . . . . / . . . .
பட்டியி / லேபொங்கல் / ஊட்டிவிட் / டார்

புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்றதை எண்ணுங்கள். ஒரு தட்டுக்கு மூன்று எழுத்து வருகிறது. முன்பாதியில் நாலு தட்டுக்குப் பன்னிரண்டு. பின்பாதியில் மூன்று தட்டுக்கு ஒன்பது, அப்புறம் இழுத்துப் பாடுகிற ஒரே எழுத்து. ஆக அடிக்கு 22. மூன்று அடியிலும் இது பிசகவில்லை. அதனால் காணாமல் போன பாதிக்கும் பன்னிரண்டு எழுத்துதான் இடம்.

நீங்கள் எழுதியபோது மூன்றாம் அடி எனக்கு 21தான் வந்தது. "நொய்யல் தண்ணீரில்" என்று திருத்தி எழுதியிருந்தீர்கள். அமுச்சி அப்படிப் பாடியிருக்க மாட்டார். "நொய்யலுத் தண்ணியில்" என்று வாய்விட்டுப் பாடினால் ஆறு எழுத்தும் நிரம்பிவிடுகிறது. ஒரே ஒரு அடி மட்டும் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, பெரும்பாலும் நாம் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றிய இடம் அதுதான். முதலில் அதைச் சரிசெய்யாமல் விடுபட்ட இடத்துக்குப் போகக்கூடாது. அளவுகோலே தப்பாகிவிடும்.

இப்போது முதல் சொல். இந்தப் பாட்டில் இரண்டிரண்டு அடிக்கு ஒரு எதுகை: காங்கயம், வாங்கிய. அப்படியானால் நாலாம் அடி "நொய்யலு"க்கு எதுகையாகத் தொடங்க வேண்டும், அதாவது இரண்டாவது ஒலி ய். ஒவ்வொரு அடியிலும் முன்பாதியின் முதல் எழுத்துக்குப் பின்பாதியின் முதல் எழுத்து மோனையாகவும் வருகிறது: கா, கா. வா, வ. நொ, நோ. பின்பாதி "பட்டி" என்று தொடங்குவதால் முன்பாதி ப, பா, பை இந்த வரிசையில்தான் தொடங்கியிருக்கும்.

ப வரிசையில் தொடங்கி, அடுத்து ய் ஒலிக்கிற சொற்கள் எத்தனை இருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். "பச்சரிசி" இங்கேயே விழுந்துவிடுகிறது, அதில் ச் வருகிறது. "பயறு" ஒரு கணம் பொருந்துவதுபோல இருக்கும், ஆனால் அதில் ய் அழுந்தி நிற்காமல் ய என்று ஓடிவிடுகிறது. "பாய்" நெடில், நொய் குறில். எதுகையில் முதல் எழுத்தின் அளவு ஒத்துவர வேண்டும். இந்தப் பாட்டின் பொருளுக்கு ஒத்து மிஞ்சுவது "பைய", "பையன்" இரண்டும்தான். எழுத்தில் ஐ ஆக இருந்தாலும் காதுக்கு அது பய்ய. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆண்டாள் வையத்து, செய்யும், பைய, நெய் என்று ஒரே எதுகையாக அடுக்கியிருப்பதைப் பாருங்கள்.

மாட்டைத் தடவுகிற இடம் என்கிறீர்கள். அங்கே பையனுக்கு வேலை இல்லை, பதமாகத் தடவுகிற "பையவே" நிற்கிறது. மூன்று எழுத்து ஆயிற்று. மாட்டைத் தடவுவதை நம் பக்கம் "தடவிக் கொடுக்கிறது" என்றுதான் சொல்வோம். "தடவிக் கொடுத்தவர்" என்று வைத்தால் ஏழு எழுத்து. மூன்றும் ஏழும் பத்து. நடுவில் இரண்டெழுத்துக்கு மட்டும் இடம்: கொம்பை, காதை, நெத்தி, திமில். "முதுகை" மூன்றெழுத்து, நுழையாது.

"பையவே கொம்பைத் தடவிக் கொடுத்தவர்" என்று நான் எழுதிப் பார்த்தேன். ஆனால் எல்லாச் சொல்லையும் ஒரே அளவுக்கு நம்பாதீர்கள். "பையவே" எதுகையும் மோனையும் சேர்ந்து பிடித்துக் கொடுத்தது, உறுதி அதிகம். "கொம்பை" என்பது அளவு மட்டும் பொருந்திய ஊகம்.

"ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அசை பிரித்து, சீர் பார்த்து, தளை பார்க்காமல் வெறுமனே எழுத்தை எண்ணுவது யாப்பு முறைக்கு ஒத்துவருமா?" (கோபி)

எழுத்து எண்ணுவதும் யாப்பிலேயே உள்ளதுதானே ஐயா. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16, நிரையசையில் தொடங்கினால் 17 என்று நீங்களே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். கும்மியில் கைத்தட்டு இருப்பதால் எண்ணுவது இன்னும் சுலபம்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. "குலுங்கிட" மாதிரி நிரையில் தொடங்கும் நாலெழுத்துச் சொல் ஒரு தட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். பாடுகிறவர் இரண்டு குறிலை வேகமாகச் சொல்லிவிடுவார். எனவே 22 என்பதை 21 முதல் 23 வரை என்று வைத்துக்கொள்வதே நல்லது. அப்படித் தளர்த்தினால் நான் தள்ளிய "முதுகை" திரும்ப உள்ளே வந்துவிடுமே என்று கேட்பீர்கள். ஆமாம், வரும். அந்த இரண்டெழுத்து இடத்தை நான் உறுதி என்று சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

"பாட்டுன்னா கடைசிச் சொல்தானே ஒத்துவரணும்? 'டார்'ல முடியுற அடியாப் பார்த்துத் தேடினா ஆகாதா? நான் சினிமாப் பாட்டை அப்படித்தான் கண்டுபிடிப்பேன்." (திருப்பூர், கல்லூரி மாணவர்)

சினிமாப் பாட்டுக்குப் பல நேரம் அது உதவும் தம்பி, மெட்டு அடி முடிவில் போய் நிற்பதால் இயைபு அங்கே பலமாக இருக்கும். இந்தக் கும்மியிலும் தார், னார், டார் என்று இயைபு இருக்கிறதுதான். ஆனால் ஒருவர் செய்ததை மரியாதையாகச் சொல்கிற வினை பெரும்பாலும் ஆர் என்றுதான் முடியும். ஆயிரம் சொல் பொருந்துகிற இடத்தில் துப்பு கிடைக்காது. "நொய்யலு"க்கு எதுகையும் "பட்டி"க்கு மோனையுமாக ஒரே சமயம் நிற்கக்கூடிய சொல்லோ ஒன்றிரண்டுதான். அதனால் அடியின் தலையிலிருந்து தொடங்குங்கள்.

"நாங்க வள்ளிகும்மி ஆடுற குழு. பாட்டுல ஓட்டையா இருக்கிற இடமெல்லாம் நீங்க எழுதித் தந்தா இந்தத் தைக்கே அரங்கேத்திருவோம். எழுதித் தர்றீங்களா?" (பெருந்துறை)

நான் பேசுவது புதிதாக எழுதுவதைப் பற்றி அல்ல, காணாமல் போனதைத் தேடுவதற்கான அச்சு செய்வதைப் பற்றி. ஆடுவதற்கு இட்டு நிரப்புவது உங்கள் உரிமை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நோட்டில் எழுதும்போது நிரப்பிய சொல்லுக்கு அடியில் கோடு போட்டுவிடுங்கள். கோடு இல்லாமல் இரண்டு வருடம் பாடினால் அதுதான் ஆதிப் பாட்டு என்று ஊர் நம்பிவிடும். அப்புறம் யாருக்காவது உண்மையான அடி ஞாபகம் வந்தாலும் "நீங்க தப்பாப் பாடுறீங்க ஆத்தா" என்று அவரையே திருத்துவார்கள். அப்படி ஒரு திண்ணையில் நானே பார்த்திருக்கிறேன், அந்த அம்மா அதோடு பாடுவதையே நிறுத்திவிட்டார்.

"எங்கம்மா செத்த வீட்டுல சொல்ற ஒப்பாரி பாதிதான் என்கிட்ட இருக்குதுங்க. இந்தக் கணக்குப் போட்டா மீதி வருமா?" (தாராபுரத்துக்கு அருகே)

அளவுக் கணக்கு அங்கே நிற்காதுங்க. ஒப்பாரியில் மூச்சுதான் அடியை முடிக்கும், அழுகை வந்தால் அடி நீளும். அதற்குப் பதில் இரட்டையைப் பாருங்கள். ஒப்பாரியில் ஒரு கண்ணியைச் சொல்லி, அதையே ஒன்றிரண்டு சொல் மாற்றி மறுபடி சொல்வார்கள். முதலில் தங்கம் வந்தால் அடுத்து வெள்ளி, முதலில் கிழக்கு வந்தால் அடுத்து மேற்கு. உங்களிடம் இருக்கும் பாதியில் ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும் அடி எது என்று பாருங்கள். விடுபட்டது அதன் ஜோடியாக இருக்க வாய்ப்பு அதிகம். அது முதல் கண்ணியா இரண்டாம் கண்ணியா என்பதைத்தான் இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது.

"நான் மறுபடி அந்தக் காங்கயம் பக்கத்துக்காரி. சென்னிமலையில எங்க பெரியம்மாகிட்டப் போனில 'பையவே'ன்னு எடுத்துக் கொடுத்தேன். உடனே பாடிட்டாங்க: 'பையவே நெத்தி தடவிக் கொடுத்துட்டு'. இனி முழுப்பாட்டும் எங்கயாச்சும் அச்சுல இருக்குதான்னு தேடணும், எப்படித் தேடுறது?"

ரொம்பச் சந்தோஷம் அம்மிணி. என் "கொம்பை" தப்பு, "கொடுத்தவர்" தப்பு, "பையவே" சரி. பன்னிரண்டு எழுத்தும் சரியாக இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். முன்பு "தடவுவாரே, அந்தப் பாட்டு" என்று கேட்டபோது பெரியம்மாவுக்கு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாட்டு மனதில் அடியின் தலையிலிருந்து கோத்து இருக்கிறது. நடுச் சொல்லைச் சொன்னால் வராதது, முதல் சொல்லை மெட்டோடு எடுத்துக் கொடுத்தால் வந்துவிடும்.

தேடும்போது பலர் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. அச்சுப் புத்தகத்தில் பாட்டைச் சீர் பிரித்துப் போடுவார்கள். "ஊட்டிவிட்டார்" என்பது அங்கே "ஊட்டிவிட் டார்" என்று உடைந்து கிடக்கும். முழுச் சொல்லாகத் தேடினால் அகப்படாது. மேலே தட்டு பிரித்த இடத்திலேயே உடைத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். எழுத்து வேறுபாட்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்:

```
"ஊட்டிவிட் டார்" "பையவே"
"ஊட்டி விட்டார்" "பையவே" கும்மி
"நெற்றித டவிக்கொ" "பட்டியி லேபொங்கல்"
"நெத்தி தடவிக்" "பட்டியிலே"
```

நீளமான அடியை அப்படியே போடாதீர்கள், இரண்டு சிறு துண்டு போதும். பாடபேதம் எங்கே இருக்கும் என்று தெரியாது. ஒரு எழுத்து மாறினாலும் முழு அடி தவறிப்போகும். ஊர்ப் பெயரையும் துண்டாக வைக்க வேண்டாம். உங்கள் பாட்டில் காங்கயம், நொய்யல் என்று இருப்பது பவானிப் பக்கம் பாடினால் வேறு சந்தை, வேறு ஆறு என்று மாறியிருக்கும். அப்போது எதுகையும் மாறி, "வாங்கிய", "பையவே" இரண்டும்கூட வேறாகிவிடும். மாறாமல் இருக்க வாய்ப்புள்ளது "பட்டியிலே பொங்கல்" மட்டும்தான்.

மின்னூலகங்களில் உள்ள பழைய பாட்டுப் புத்தகங்கள் பல, பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டவை. அவற்றின் உள்ளே இருக்கும் சொல்லைத் தேடுபெட்டி பல நேரம் காட்டாது. கும்மி, நாட்டுப்புறப் பாடல் என்று நூற்பெயரில் தேடி எடுத்து, பொருளடக்கத்தில் பட்டிப்பொங்கல், மாட்டுப்பொங்கல் பகுதியைக் கண்ணால்தான் புரட்ட வேண்டும். நானும் இரண்டு தொகுப்பு பார்த்தேன், இந்தப் பாட்டு அதில் இல்லை. பெரியம்மா பாடியதை அடுத்த முறை நேரில் போய், கை தட்டச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். "கொடுத்துட்டு" என்பதற்குப் பிறகு மூச்சு விடுகிறாரா, ஒரே ஓட்டமாகப் "பட்டியிலே"க்குப் போகிறாரா என்பதையும் கவனித்து எழுதுங்கள்.