கிளப்பில் காதில் விழும் இரண்டு ஜெர்மன் சொற்கள்

கேள்வி: செஸ் கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். காய்கள் நகரும் விதம் தெரியும், அவ்வளவுதான். சீனியர்கள் "சுக்ஸ்வாங்", "ஸ்விஷென்சூக்" என்று பேசிக்கொள்கிறார்கள். அவை என்ன? எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

பதில்: ஒரு பலகையை எடுத்து மூன்றே காய்களை வையுங்கள். வெள்ளை ராஜா d6, வெள்ளைச் சிப்பாய் e7, கறுப்பு ராஜா e8.

இப்போது கறுப்பின் முறை என்றால் ராஜா போகக்கூடிய கட்டம் f7 ஒன்றுதான். அங்கே போனதும் வெள்ளை ராஜா d7-க்கு வந்துவிடும், அடுத்து சிப்பாய் ராணியாகும். அதே நிலையில் வெள்ளையின் முறை என்றால்? ராஜா e6-க்கு வந்தால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே கறுப்புக்கு நகர்த்த இடமிருக்காது; வேறெங்கு போனாலும் சிப்பாய் பறிபோகும். எப்படியும் டிரா. யாருடைய முறையோ அவருக்கு நஷ்டம். இதுதான் சுக்ஸ்வாங். 'பாஸ்' சொல்ல முடிந்தால் தப்பிக்கலாம், ஆனால் செஸ்ஸில் பாஸ் கிடையாது. மோசமான நிலையை எல்லாம் இந்தப் பெயரால் அழைப்பவர்கள் உண்டு. பாஸ் கிடைத்தாலும் தோற்கப்போகிற ஆட்டம் வெறும் தோல்விதான். காய்கள் நிறைய இருக்கும்போது சும்மா ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டு முறையைக் கழிக்கலாம் என்பதால், இது பெரும்பாலும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில்தான் வரும்.

அடுத்தது ஸ்விஷென்சூக், இது இன்னும் சுவையானது. 1924, நியூயார்க் போட்டி. வெள்ளையில் டார்டகோவர், கறுப்பில் கபபிளாங்கா. டார்டகோவரின் பிஷப் b8-இல் இருந்த குதிரையை வெட்டியது. யாராக இருந்தாலும் யானையால் அந்த பிஷப்பைத் திருப்பி வெட்டத்தான் கை போகும். அங்கேதான் பொறி: வெள்ளை ராணி a4-க்கு வந்து செக் கொடுக்கும், கூடவே b4-இல் காவலில்லாமல் நிற்கும் கறுப்பு பிஷப்பையும் பிடிக்கும்.

கபபிளாங்கா வெட்டவில்லை. குதிரையை d5-க்கு நகர்த்தினார். அதனால் b4-க்குக் காவல் கிடைத்தது. அடுத்து அதே குதிரை e3-க்குப் போய் f1-இல் இருந்த ராஜாவுக்குச் செக் கொடுத்து, d1-இல் இருந்த ராணியையும் தாக்கும் என்ற மிரட்டலும் வந்தது. டார்டகோவர் ராஜாவை f2-க்கு நகர்த்தி அதைத் தடுத்தார். அப்புறம்தான் யானை b8-இல் பிஷப்பை வெட்டியது. ஆட்டத்தையும் கபபிளாங்காவே ஜெயித்தார். திருப்பி வெட்டும் முன் இப்படி நுழைக்கும் நகர்த்தல்தான் ஸ்விஷென்சூக்.

நுழைக்கும் நகர்த்தலில் செக்கோ, எதிராளி கண்டுகொள்ளாமல் விட முடியாத மிரட்டலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டிய காய் தப்பி ஓடிவிடும். உங்கள் மிரட்டலுக்கு எதிராளி செக்கோடு பதில் சொல்ல முடியுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

கிளப் போட்டிகளில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். எதிராளி வெட்டியதும் கை யானைக்குப் போய்விட்டால், அதைவிட நல்ல நகர்த்தல் பிறகு கண்ணில் பட்டும் பயனில்லை. முதலில் எந்தெந்தக் காயால் செக் கொடுக்க முடியும் என்று பாருங்கள், பிறகு கையை நீட்டுங்கள்.