மூடிக்குள் '14 கே, 20 வருடம்': தங்கமா?

"தாத்தாவின் பாக்கெட் கடிகார மூடிக்குள் '14 கே, 20 வருட உத்தரவாதம்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. முழுத் தங்கமா? எந்தக் காலம்?"

முழுத் தங்கம் இல்லைங்க. அந்த வருடக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. பித்தளை மேல் ஒட்டிய தங்கத் தகடு தேயாமல் 20 வருடம் தாங்கும் என்று அமெரிக்கக் கடிகாரக் கூடு தயாரிப்பாளர்கள் கொடுத்த வாக்கு அது. 14 கே என்பது அந்தத் தகட்டின் தரம் மட்டும்தான். கீல் ஓரத்தை லென்ஸில் பாருங்கள், தேய்ந்த இடத்தில் பித்தளை நிறம் மாறித் தெரியும்.

இப்படி வருடம் பொறிப்பது அங்கே 1924 வாக்கில் நின்றுபோனது, ஆகவே கூடு பெரும்பாலும் அதற்கு முந்தியது. அப்புறம், கடிகாரம் செய்த ஆண்டைத் தேடக் கூட்டின் எண்ணை நம்பாதீர்கள். உள்ளே இயந்திரத்தில் இருக்கும் எண்தான் வேண்டும். கூட்டின் உள்விளிம்பில் திருகாணி அழுத்திய தடம் கூடுதலாக இருந்தால், வேறு இயந்திரமும் அதில் இருந்திருக்கிறது.